அப்பாவின் கணக்குகளை மூடும்போது சிம் கடைசியாகப் போகட்டும்

“அப்பா போன மாதம் தவறிவிட்டார். அவருடைய ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப், ஜிமெயில் எல்லாம் அப்படியே இருக்கின்றன. விஷயம் தெரியாமல் அவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து போடுகிறார்கள், பார்க்க முடியவில்லை. எதை எப்படி மூடுவது, என்னென்ன காகிதம் வேண்டும்? போனின் பின் நம்பர் அம்மாவுக்குத் தெரியும், ஜிமெயில் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. முதலில் சிம்மை சரண்டர் செய்துவிடலாமா?”

சிம்மை இப்போது சரண்டர் செய்ய வேண்டாம். உங்கள் கேள்வியில் உடனே பதில் தேவைப்படுவது அந்தக் கடைசி வரிக்குத்தான். ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வாரிசு சம்பந்தமான காகிதங்களைத் தயார் செய்யும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். இணையக் கணக்குகளை மூடுவதில் குடும்பங்கள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் படிவங்களால் அல்ல, வரிசை மாறிப்போவதால்தான். படிவம் தவறினால் திருத்தி மறுபடி அனுப்பலாம். சிம் கைவிட்டுப் போனால் அதை நம்பியிருந்த எல்லாமே ஒரே நேரத்தில் பூட்டிக்கொள்ளும்.

அப்பாவின் நம்பர் அப்பாவுக்கு மட்டும் உரியது அல்ல என்பதை முதலில் பாருங்கள். நம் வீடுகளில் ரேஷன் கார்டு, கேஸ் சிலிண்டர் புக்கிங், கரண்ட் பில், பல சமயம் அம்மாவின் வங்கிக் கணக்கும் ஆதாரும்கூட அப்பாவின் நம்பரில்தான் இருக்கும். சிம் போன பிறகு அம்மா தன் சொந்தக் கணக்கில் நம்பரை மாற்ற நினைத்தால், பழைய நம்பருக்கு ஓடிபி போகும், அது யாருக்கும் கிடைக்காது. அப்புறம் ஒவ்வொன்றுக்கும் நேரில் போய் நிற்க வேண்டும். அதனால் முதல் வாரத்தில் செய்ய வேண்டியது, அம்மா பெயரில் உள்ளவை எல்லாவற்றையும் அம்மாவின் நம்பருக்கோ உங்கள் நம்பருக்கோ மாற்றுவதுதான். அப்பாவின் சிம் ப்ரீபெய்டு என்றால் ரீசார்ஜ் முடியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வருமான வரி, வங்கி வேலைகள் இழுக்கும் என்று தெரிந்தால், அந்த நம்பரை அம்மா பெயருக்கே மாற்றிக்கொள்வது நல்லது. தொலைபேசி நிறுவனத்தின் ஷோரூமில் இறப்புச் சான்றிதழ், உறவுக்கான ஆதாரம், அம்மாவின் அடையாள அட்டை ஆகியவற்றைக் கேட்பார்கள். புது சிம் போட்ட முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. அன்றைக்கு வேறு எந்த ஓடிபி வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது போன். அது உங்கள் கையில் இருப்பதும் பின் தெரிந்திருப்பதும் பெரிய வசதி. அதில் எந்தக் கணக்கையும் லாக் அவுட் செய்யாதீர்கள், பாஸ்வேர்டு மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். போன் என்பது அப்பா விட்டுச்சென்ற பொருள், அது வாரிசுகளுக்கு வரும். கணக்கு அப்படி இல்லை, அது அவருக்கும் நிறுவனத்துக்கும் இருந்த ஒப்பந்தம். வேறொருவரின் பாஸ்வேர்டால் உள்ளே போவதை இந்த நிறுவனங்களின் விதிகள் ஒப்புக்கொள்வதில்லை, கேட்டாலும் பாஸ்வேர்டு தரமாட்டார்கள். ஆகவே போனில் ஏற்கெனவே திறந்திருப்பதைப் பார்ப்பது, பட்டியல் எடுப்பது, படங்களைக் காப்பாற்றுவது, இப்போதைக்கு இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் சொல்வது. அவர் பெயரில் பதில் போடுவது, “அப்பா காலமானார்” என்று அவர் கணக்கிலிருந்தே பதிவிடுவது எல்லாம் வேண்டாம். அந்தப் பதிவை உங்கள் கணக்கிலிருந்து போட்டு, தெரிந்தவர்களைப் பகிரச் சொல்லுங்கள். யுபிஐ, நெட் பேங்கிங் பக்கமே போகாதீர்கள். காரியச் செலவுக்கு அவர் கணக்கிலிருந்து யுபிஐயில் எடுத்தோம் என்று வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எடுத்தது நியாயமான செலவாகவே இருந்தாலும், இறந்த தேதிக்குப் பிறகு நடந்த பரிமாற்றம் ஸ்டேட்மென்ட்டில் நிற்கும், நாளைக்கு உடன்பிறந்தவர்களுக்குள் அதுவே பேச்சாகும்.

படங்களைக் காப்பாற்ற, போனை கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்து காலரி, வாட்ஸ்அப் மீடியா, டவுன்லோட்ஸ் மூன்றையும் அப்படியே பிரதி எடுத்துவிடுங்கள். முக்கியமான வாட்ஸ்அப் உரையாடல்களை ஒவ்வொன்றாகத் திறந்து Export chat கொடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளலாம். கூகுள் போட்டோஸில் மட்டும் இருந்து போனில் இல்லாத பழைய படங்கள் உண்டா என்றும் பாருங்கள். இருந்தால் அவற்றைப் போனில் இறக்கி, பிறகு பிரதி எடுங்கள். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப் அந்தக் கூகுள் கணக்கில்தான் கிடக்கும், அதைத் திரும்ப எடுக்க அதே நம்பரும் வேண்டும். அதாவது சிம், கூகுள், வாட்ஸ்அப் மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன.

எந்தெந்தக் கணக்குகள் இருக்கின்றன என்பதற்கு எஸ்எம்எஸ் பெட்டியும் ஜிமெயிலும் போதும். மெயிலில் welcome, verify, renewal, invoice என்று ஒவ்வொரு வார்த்தையாகத் தேடினால் அவர் சேர்ந்த தளங்கள் வெளியே வரும். ப்ளே ஸ்டோரில் அவர் படத்தைத் தொட்டு Payments & subscriptions பாருங்கள், மாதாமாதம் பணம் பிடிக்கும் சந்தாக்கள் அங்கே தெரியும். ஒரு நோட்டில் தளத்தின் பெயர், எந்த மெயில் அல்லது நம்பர், அங்கே பணம் சம்பந்தப்பட்டதா என்று மூன்று பத்திகளாக எழுதி வையுங்கள்.

இனி காகிதங்கள். அடிப்படையில் தேவைப்படுபவை மூன்று: அப்பாவின் இறப்புச் சான்றிதழ், உங்கள் அடையாள அட்டை, அவருக்கும் உங்களுக்கும் உள்ள உறவைக் காட்டும் ஒன்று. இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். மருத்துவமனையில் நடந்திருந்தால் அவர்களே தகவல் அனுப்பியிருப்பார்கள், வீட்டில் என்றால் குடும்பம்தான் உள்ளாட்சி அலுவலகத்திலோ கிராமத்தில் விஏஓவிடமோ சொல்லியிருக்க வேண்டும். உறவுக்கு உங்கள் பிறப்புச் சான்றிதழ் போதும். இருந்தாலும் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். வங்கிக்கும் வருமான வரிக்கும் பல சமயம் வேண்டியிருக்கும், அம்மா, நீங்கள், உடன்பிறந்தவர்கள் எல்லார் பெயரும் ஒரே தாளில் வரும். சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு எடுத்து நோட்டரி முத்திரை போட்டு வைத்துக்கொள்ளுங்கள், கூகுள் அப்படித்தான் கேட்கிறது. உங்கள் அடையாளத்துக்கு பாஸ்போர்ட்டோ டிரைவிங் லைசென்ஸோ நல்லது. ஆதார்தான் உண்டு என்றால் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை இறக்கிக் கொடுங்கள். ஸ்கேன் செய்யும்போது நான்கு மூலையும் தெரிய வேண்டும், முத்திரையும் க்யூஆர் கோடும் மங்கக்கூடாது.

உண்மையில் சிக்கல் வருவது நம் பெயர்களில். இனிஷியலும் பட்டப்பெயரும் ஊர்ப்பெயரும் கலந்த பெயர்களை வெளிநாட்டில் உட்கார்ந்து சரிபார்ப்பவருக்குப் புரியவைக்க வேண்டும். எங்களிடம் வந்த ஒரு குடும்பத்தின் விஷயத்தைச் சொல்கிறேன். அப்பா மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். இறப்புச் சான்றிதழில் இனிஷியலோடு ‘ஆர். சுப்பிரமணியன்’, ஆதாரில் தகப்பன் பெயரையும் சேர்த்து முழுப்பெயர், சமூக வலைத்தளக் கணக்கிலோ ‘மணி சார்’ என்று ஊர்ப்பெயரோடு. மகள் வெறும் இறப்புச் சான்றிதழை இணைத்து கணக்கை நீக்கக் கேட்டார், இது கணக்கு வைத்திருந்தவருடைய சான்றிதழ்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டுத் திரும்பி வந்தது. கேட்டவர்கள் பக்கம் தவறு சொல்ல முடியாது, காகிதத்தில் இருந்த பெயர் கணக்கில் இல்லவே இல்லை. இரண்டாவது முறை நான்கை ஒன்றாக வைத்தோம்: இறப்புச் சான்றிதழ், புகைப்படம் தெளிவாகத் தெரியும் அப்பாவின் டிரைவிங் லைசென்ஸ், மகளின் பிறப்புச் சான்றிதழ், கணக்கின் நேரடி இணைய முகவரி. கூடவே நாலு வரி ஆங்கிலக் குறிப்பு. ‘ஆர்’ என்பது அவர் தகப்பனார் பெயரின் முதலெழுத்து, தமிழ்நாட்டில் குடும்பப்பெயர் வழக்கம் கிடையாது, ‘மணி’ என்பது சுப்பிரமணியன் என்பதன் சுருக்கம், கணக்கின் முகப்புப் படத்தையும் லைசென்ஸ் படத்தையும் ஒப்பிடவும், பிறந்த தேதி இரண்டிலும் ஒன்றே. அதற்குப் பிறகு கேள்வி வரவில்லை. உங்கள் அப்பாவின் பெயர் மூன்று இடத்திலும் ஒரே மாதிரி இல்லை என்றால், இப்படி ஒரு குறிப்பை முதல் தடவையே வைத்துவிடுங்கள். இறப்புச் சான்றிதழிலேயே எழுத்துப்பிழை இருந்தால் மட்டும் வேறு எதையும் தொடங்க வேண்டாம், முதலில் பதிவாளரிடம் அதைத் திருத்துங்கள். ஒரு எழுத்துதானே என்று விட்டால், வங்கி வரை அந்த ஒரு எழுத்து கூடவே வரும்.

காகிதம் கைக்கு வந்ததும் ஃபேஸ்புக்கில் தொடங்குங்கள், உங்களை வருத்துவதும் அதுதானே. அங்கே இரண்டு வழிகள். ஒன்று நினைவுக் கணக்காக மாற்றுவது, மற்றது முழுக்க நீக்குவது. நினைவுக் கணக்காக்கினால் பெயருக்குப் பக்கத்தில் Remembering என்று வரும், பிறந்தநாள் நினைவூட்டல்கள் நின்றுவிடும், பழைய பதிவுகளும் படங்களும் அவர் யாருக்குக் காட்டினாரோ அவர்களுக்குத் தெரியும். பாஸ்வேர்டு தெரிந்தவரும் அதற்குப் பிறகு உள்ளே போக முடியாது. இதுதான் பலரும் கவனிக்காத இடம். அவர் இருக்கும்போதே Legacy contact என்று ஒருவரை நியமித்திருந்தால், அந்த ஆள் முகப்புப் படத்தை மாற்றலாம், ஒரு அறிவிப்பை மேலே குத்தி வைக்கலாம், ஆனால் அவரும் மெசேஜ்களைப் படிக்க முடியாது. நியமிக்கவில்லை என்றால் இனிமேல் யாரையும் நியமிக்க வழியில்லை. அவர் ஓய்வூதியர் சங்கத்துக்கோ கோயில் கமிட்டிக்கோ ஒரு பக்கம் நடத்தி, அதற்கு அவர் ஒருவர்தான் அட்மின் என்றால், அந்தப் பக்கமும் போய்விடக்கூடும். சங்கத்துக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி, வேண்டிய படங்களை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உதவிப் பக்கத்தில் Memorialization Request என்று தேடினால் படிவம் வரும். கணக்கின் இணைய முகவரி, இறந்த தேதி, சான்று ஆகியவற்றை அதில் கொடுக்க வேண்டும். நீக்குவதற்கு வேறு படிவம், அதை நெருங்கிய உறவினரோ உயிலை நிறைவேற்றுபவரோதான் கேட்க முடியும். அதற்கு இறப்புச் சான்றிதழே நேரான வழி. பதினாறாம் நாள் காரியப் பத்திரிகை, நாளிதழில் வந்த காலமானார் அறிவிப்பு போன்றவையும் இறப்புக்குச் சான்றாக ஏற்கப்படலாம், ஆனால் அவற்றோடு உங்கள் உரிமையைக் காட்டும் காகிதம் தனியாக வைக்க வேண்டும். என்னைக் கேட்டால் ஃபேஸ்புக்கை நீக்க அவசரப்படாதீர்கள், முதலில் நினைவுக் கணக்காக்குங்கள். பிறந்தநாள் வாழ்த்துத் தொல்லை அதோடு நின்றுவிடும். ஆறு மாதம் கழித்து அம்மாவும் நீங்களும் சேர்ந்து முடிவெடுத்து நீக்கலாம். நீக்கியதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. இன்ஸ்டாகிராமும் ஏறத்தாழ இதே முறைதான், படிவம் மட்டும் தனி. ஒன்றில் கேட்டது மற்றதற்குத் தானாகப் போகாது.

வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு நினைவுக் கணக்கு முறை கிடையாது. போனில் இருந்தபடியே நீங்கள்தான் Settings, Account, Delete account என்று போய் மூட வேண்டும். அப்படியே விட்டாலும் 120 நாட்கள் இணையத்தோடு தொடர்பில்லாமல் இருந்தால் கணக்கு பொதுவாக நீக்கப்படும். ஆனால் அதை நம்பி விடாதீர்கள். இணைப்பு துண்டிக்கப்பட்ட ஒரு நம்பரை 90 நாட்களுக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுக்கலாம். அந்தப் புதியவர் அதே நம்பரில் வாட்ஸ்அப் போட்டால் அப்பாவின் பழைய மெசேஜ்கள் அவருக்கு வராதுதான், ஆனால் உறவினர்களின் போனில் ‘அப்பா’, ‘மாமா’, ‘சித்தப்பா’ என்று சேமித்த பெயரோடு முன்பின் தெரியாத ஒருவரின் படம் வந்து நிற்கும், குடும்பக் குரூப்பில் அந்த நம்பர் இன்னும் இருந்தால் அதுவும் குழப்பம். ஆகவே உரையாடல்களைப் பிரதி எடுத்து, குரூப்களிலிருந்து விலகி, கணக்கை நீக்கிவிட்டு, அதற்கப்புறம் சிம்மைப் பார்க்கலாம். அவர் மட்டும் அட்மினாக இருந்த குரூப் என்றால், விலகுவதற்கு முன் இன்னொருவரை அட்மின் ஆக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பே யாரையாவது ஆக்கிவிடும்.

ஜிமெயில், அதாவது கூகுள் கணக்கு, கடைசிக்கு முந்தியது. மற்ற எல்லாத் தளங்களின் உறுதிப்படுத்தும் மெயிலும் அங்கேதான் வரும். இந்த வருட வருமான வரிக் கணக்கை அப்பாவுக்காகத் தாக்கல் செய்ய வேண்டியிருந்தால் பழைய நோட்டீஸ்களும் அங்கேதான் இருக்கும். அந்தத் தாக்கலை அவர் லாகினில் செய்யக்கூடாது. வாரிசு தன் சொந்த லாகினில் போய், இறந்தவரின் வாரிசு என்று பிரதிநிதியாகப் பதிவு செய்து, அனுமதி வந்த பின் தாக்கல் செய்ய வேண்டும். ரீஃபண்ட் வர வேண்டியது இருந்தால் அது வந்து சேரும் வரை பான் கார்டையும் ஜிமெயிலையும் தொடாதீர்கள்.

அவை முடிந்ததும் கூகுளின் உதவிப் பக்கத்தில் Submit a request regarding a deceased user's account என்ற படிவத்தைத் திறங்கள். கணக்கை மூடுவதா, அதில் உள்ள பணத்தைக் கேட்பதா, தகவல்களைக் கேட்பதா என்று முதலிலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். மூடச் சொன்னால் மெயில், போட்டோஸ், டிரைவ், யூடியூப் எல்லாம் சேர்ந்து போகும். மூடுவது ஒப்பிட்டால் எளிது: இருவர் பெயர்கள், அவர் மெயில் முகவரி, இறந்த தேதி, சான்றிதழ், உங்கள் அடையாள அட்டை. தகவல்களைக் கேட்பதுதான் கடினம். அதைத் தனித்தனியாகப் பரிசீலிப்பார்கள், நீதிமன்ற உத்தரவு வரை போகக்கூடும், கடைசியில் மறுக்கவும் செய்யலாம். அதனால்தான் போனில் இருந்தே படங்களை எடுத்துவிடுங்கள் என்று முதலில் சொன்னேன். அப்பா Inactive Account Manager என்பதை அமைத்து உங்கள் மெயிலைக் கொடுத்திருந்தால், அவர் குறித்த காலம் கழிந்ததும் கூகுளே உங்களுக்கு எழுதும். 3 மாதம் முதல் 18 மாதம் வரை அந்தக் காலத்தை வைக்கலாம். நம் அப்பாக்கள் இதை அமைத்து நான் பார்த்தது மிகக் குறைவு. எதுவும் செய்யாமல் விட்டால் இரண்டு வருடம் பயன்படாத கணக்கை கூகுள் நீக்கலாம் என்பது 2023 முதல் உள்ள விதி. படங்களை எடுக்காமல் தள்ளிப்போடுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இதில் உறுதியாகச் சொல்ல முடியாதது கால அளவு. சில கோரிக்கைகள் சில நாட்களில் முடிகின்றன, சில வாரக்கணக்கில் பதிலின்றிக் கிடக்கின்றன. பதில் வரவில்லை என்று அதே கோரிக்கையை நான்கு பேர் நான்கு மெயிலிலிருந்து அனுப்பாதீர்கள். ஒருவர் மட்டும், ஒரே மெயிலிலிருந்து, ஒப்புகை எண்ணைக் குறித்துக்கொண்டு அனுப்பட்டும். படிவங்களின் பெயரும் இடமும் அவ்வப்போது மாறும், கூகுளில் தேடி வரும் ‘கஸ்டமர் கேர்’ நம்பரை மட்டும் நம்பிக் கூப்பிடாதீர்கள். இந்தப் படிவங்களுக்கு எந்த நிறுவனமும் கட்டணம் வாங்குவதில்லை, யாராவது பணமோ ஓடிபியோ கேட்டால் போனை வைத்துவிடுங்கள். வாரிசுகளுக்குள் தகராறு இருந்தாலோ, கணக்கில் யூடியூப் வருமானம் மாதிரி பணம் இருந்தாலோ, நான் எழுதியது போதாது, வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

கடைசியாக அந்தப் போனை அம்மாவோ வேறு யாரோ பயன்படுத்தப் போகிறார்கள் என்றால், கூகுள் கணக்கை மூடும் கோரிக்கையை அனுப்புவதற்கு முன்பே போனின் செட்டிங்ஸில் Accounts போய் அந்தக் கணக்கை அகற்றிவிட்டு, பிறகு செட்டிங்ஸ் வழியாகவே ரீசெட் செய்யுங்கள். அப்படிச் செய்யாமல் பட்டன்களை அழுத்தி ரீசெட் செய்தால், போன் திறக்கும்போது பழைய கூகுள் கணக்கையோ பழைய பின்னையோ கேட்டு நிற்கும். வாட்ஸ்அப் மூடி, ரீசெட் முடிந்து, கூகுளிடமிருந்து மூடியாயிற்று என்று மெயில் வந்த பிறகு, சிம்மை அம்மா பெயருக்கு மாற்றாமல் இருந்தால், அப்போது சரண்டர் செய்யலாம்.